ஜெர்மனில் சரளமாக வரும் கெட்ட வார்த்தை தமிழில் தொண்டையிலேயே நிற்கிறதே, ஏன்?

நெக்கார்க்கரை

மதுரைக்காரன். இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை. ஜெர்மன் கற்கத் தொடங்கியது முப்பதை நெருங்கும்போது. காரில் போகும்போது எவனாவது குறுக்கே வந்தால் ஜெர்மன் கெட்ட வார்த்தை தானாக வருகிறது, மனசில் ஒன்றும் உறைப்பதில்லை. அதே அளவு மோசமான தமிழ் வார்த்தையை, கண்ணாடி ஏற்றிய காரில் தனியாக இருக்கும்போதுகூட முழுசாகச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. கழுத்து சூடாகிறது.

வாங்கிக்கட்டிக்கொள்வதிலும் இதே கதைதான். போன மாதம் மேலாளர் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ஜெர்மனில் வறுத்தெடுத்தார். நான் அவர் வாக்கியம் எங்கே முடியும், வினைச்சொல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அம்மா போனில், பாதி விளையாட்டாகத்தான், "உனக்கெல்லாம் வெக்கமே இல்லையாடா" என்றார். தூங்கப் போகும்வரை அது உள்ளேயே கிடந்தது.

பழக்கம் போதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மன்தான் தினமும் எட்டு மணி நேரம் பேசுகிறேன், தமிழ் எப்போதாவது ஒரு போன். இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

லாஜிக்_லோகு

சிம்பிள் ப்ரோ. தாய்மொழி மூளையின் உணர்ச்சிப் பகுதியில் போய் உட்காருகிறது. ஏழு வயசுக்கு மேல் கற்கிற மொழி வெறும் அறிவுப் பகுதியில் உட்காருகிறது. ஏழு வயசோடு கதை முடிந்தது. அதற்கப்புறம் எந்த மொழியில் திட்டினாலும் டிக்‌ஷனரி படிக்கிற மாதிரிதான்.

அறம்பேசு

தம்பிகளே, நான் முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். எந்த மொழியிலானால் என்ன, ஏன் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? தமிழில் வார்த்தை வரவில்லை என்றால் அது நல்ல வளர்ப்பின் அடையாளம். அதைக் குறை மாதிரி எழுதியிருக்கிறீர்களே!

நெக்கார்க்கரை

ஐயா, குறையாகச் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன். வளர்ப்பு என்றால் ஜெர்மனிலும் வரக்கூடாது இல்லையா?

செவிப்பறை

அளந்து பார்த்திருக்கிறார்கள். நான் பேச்சுப் பயிற்சித் துறை. படிக்கும்போது இதைச் சுற்றியே ஒரு வருடம் ஓடியது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2003இல் பாஸ்டனில் கேதரின் ஹாரிஸ், ஆய்ஷே ஆய்ச்சிசெயி, ஜீன் பெர்கோ க்ளீசன் மூன்று பேரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 32 துருக்கிக்காரர்கள். துருக்கிய மொழியில் வளர்ந்து, பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று, அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் விரல் நுனியில் மின்முனைகளை ஒட்டிவிட்டு, வார்த்தைகளையும் சின்னச் சின்ன வாக்கியங்களையும் இரண்டு மொழியிலும் கொடுத்தார்கள். சிலதைத் திரையில் படிக்க வேண்டும், சிலதைக் காதால் கேட்க வேண்டும். அவர்கள் செய்ய வேண்டிய வேலை, ஒவ்வொன்றும் எவ்வளவு இனிமை, எவ்வளவு கசப்பு என்று மதிப்பெண் போடுவது மட்டும்தான். கருவி வேறொன்றை எடுத்துக்கொண்டிருக்கும்.

அந்த வேறொன்று வியர்வை. உள்ளங்கையிலும் விரலிலும் இருக்கிற வியர்வைச் சுரப்பிகளை நாம் நினைத்து அடக்க முடியாது. மனசு சட்டென்று உலுக்கப்பட்டால், ஒன்றிலிருந்து மூன்று விநாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் கசியும், தோல் வழியாக மின்சாரம் கொஞ்சம் சுலபமாகப் போகும். அந்த ஏற்றத்தைத்தான் அளக்கிறார்கள். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று வாய் சொன்னாலும் விரல் சொல்லிவிடும். நெக்கார்க்கரை, உங்கள் கழுத்துச் சூடும் அதே நரம்பு வேலைதான்.

கொடுத்த வார்த்தைகளில் சாதாரணமானவை, இனிமையானவை, கசப்பானவை, கெட்ட வார்த்தைகள் எல்லாம் இருந்தன. கூடவே, சின்ன வயதில் பெரியவர்கள் அதட்டுகிற வாக்கியங்களும் இருந்தன. "வெட்கமாயில்லை?", "அதைச் செய்யாதே" மாதிரி. அதட்டல்களுக்கும் கெட்ட வார்த்தைகளுக்கும் தாய்மொழியில்தான் விரல் அதிகம் வியர்த்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. கெட்ட வார்த்தைக்கு ஆங்கிலத்திலும் விரல் நன்றாகவே வியர்த்தது, தாய்மொழியில் இன்னும் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அதட்டல் தாய்மொழியில் உலுக்கியது, ஆங்கிலத்தில் ஏறக்குறைய வெறும் வாக்கியமாகப் போய்விட்டது. பங்கெடுத்தவர்களில் சிலர், துருக்கிய அதட்டலைக் கேட்டபோது வீட்டு ஆட்களின் குரலே மனசுக்குள் கேட்டது என்று சொன்னார்கள்.

அதனால் உங்கள் இரண்டு கேள்வியில் அம்மா போன்தான் பெரிய கேள்வி. கார் விவகாரம் சின்னது.

லாஜிக்_லோகு

நான் சொன்னதையே நீளமாகச் சொல்லியிருக்கிறீர்கள் மேடம் 😀 பன்னிரண்டுக்கு மேல் கற்றார்கள், அதனால் உறைக்கவில்லை.

செவிப்பறை

பாதி வரை சரி. அதே குழு 2006இல் ஸ்பானிஷ் குடும்பங்களில் வளர்ந்தவர்களை வைத்து மறுபடி அளந்ததை வெளியிட்டது. சின்ன வயதிலேயே ஆங்கிலத்துக்குள் வந்தவர்களுக்கு இரண்டு மொழி அதட்டலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தாமதமாக வந்தவர்களுக்குத் தெரிந்தது. அதுவரை உங்கள் பக்கம். ஆனால் ஏழு வயதில் பூட்டு விழுகிறது என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கம் ழான்-மார்க் டெவாலெயும் அனெட்டா பாவ்லென்கோவும் 2001இலிருந்து 2003 வரை இணையத்தில் ஒரு நீண்ட கேள்வித்தாள் ஓட்டினார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பன்மொழிக்காரர்கள் பதில் எழுதினார்கள். திட்டும் வார்த்தையின் கனம் முதல் மொழியில் அதிகம், அடுத்தடுத்த மொழிகளில் படிப்படியாகக் குறைவு என்பதுதான் பொதுவான பதில். ஆனால் வகுப்பறையில் மட்டும் கற்றவர்களுக்கும், தெருவில், வீட்டில், வேலையில் புழங்கிக் கற்றவர்களுக்கும் நடுவே வேறுபாடு இருந்தது. புழங்கிக் கற்றவர்களுக்கு அந்த வார்த்தை கனமாகவே இருந்தது. வயது ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை.

நைட்ஷிப்ட்_நந்தினி

இதற்கு நானே சாட்சி. சென்னையில் ஒரு கம்பெனியில் அமெரிக்கக் கடன் வசூல் பிராசஸ். பெயர் வேண்டாம். ட்ரெய்னிங்கில் வாடிக்கையாளர் திட்டுகிற ரெக்கார்டிங் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் பேட்ச் முழுக்கச் சிரித்தது. ஒரு பையன் புது வார்த்தைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான், டீ பிரேக்கில் ஒப்பிப்பான். நிஜ காலில் விழுந்த திட்டும் முதலில் அப்படித்தான், மழை மாதிரி ஓடிவிடும்.

கொஞ்ச காலம் கழித்து மாறிவிட்டது. எந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரிந்துபோனது. சிலர் கத்தித் திட்டுவார்கள், அவர்கள் கட்டிவிடுவார்கள். சிலர் குரலை இறக்கி, நிறுத்தி, அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார்கள். அது வந்தால் கம்ப்ளெய்ன்ட் உறுதி, சூப்பர்வைசர் காலைக் கேட்பார், அந்த மாத இன்சென்டிவ் காலி. இப்போது இங்கிலீஷ் படத்தில் யாராவது அதே வார்த்தையை அதே தொனியில் சொன்னால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது. நான் ஆங்கிலம் பேச ஆரம்பித்ததே காலேஜில்தான், ஏழு வயசெல்லாம் இல்லை.

அப்புறம் உள்ளூர் பிராசஸுக்கு மாற்றினார்கள், தமிழில் பேசுகிற கஸ்டமர்கள். முதல் வாரமே, ஆங்கிலத்தில் அத்தனையும் கேட்டுப் பழகிய சீனியர் ஒருத்தி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்விட்டாள். அந்த ஆள் கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. "நீயெல்லாம் ஒரு பொண்ணா, உன்ன எந்த வீட்ல வளத்தாங்க" என்று கேட்டிருக்கிறார்.

செவிப்பறை

நந்தினி, நீங்கள் சொன்னது ஆய்வுக்கூடத்தில் பார்க்க முடியாத பகுதி. வார்த்தை முதலில் வெறும் சத்தம். அந்தச் சத்தத்தை ஒட்டியே அடி, அவமானம், பயம், அழுகை வந்தால் அடுத்த முறை சத்தமே போதும், உடம்பு தயாராகிவிடும். குழந்தைப் பருவத்தில் இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. உங்களுக்கு வேலையில் நடந்திருக்கிறது, அதனால் எங்கே ஒட்டியது என்று உங்களால் சொல்ல முடிகிறது. நெக்கார்க்கரைக்கு ஜெர்மன் திட்டை ஒட்டி இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. எட்டு மணி நேரம் பேசினாலும் அது எக்செல் ஷீட்டைப் பற்றிய பேச்சு.

உங்கள் சீனியர் விஷயத்தில் அந்த ஆள் சொன்னது அதட்டல் வகை. துருக்கியர்களுக்கு இரண்டு மொழிக்கும் நடுவே எங்கே வித்தியாசம் அதிகம் தெரிந்ததோ, அங்கேயேதான் அவளுக்கும் விழுந்திருக்கிறது.

ஸ்கார்பரோ_குஞ்சு

வணக்கம். நான் கனடாவில பிறந்தனான், அம்மா அப்பா ரெண்டு பேரும் யாழ்ப்பாணம். எனக்கு எல்லாம் தலைகீழ் போல. தூஷணம் எண்டா இங்க ஸ்கூல்லதான் கேட்டுப் பழகினது, அதுவும் இங்கிலீஷில. சண்டை பிடிச்சதும் இங்கிலீஷில, அடி வாங்கினதும் இங்கிலீஷில. அதால அந்த வார்த்தையள் எனக்குச் சுடும். தமிழ்த் தூஷணம் பெரிசாத் தெரியாது. கசின்மார் ஊரில இருந்து வந்து சொல்லித்தந்தவை, நான் அதைப் பகிடியாத்தான் சொல்லுவன். ஒருக்கா மாமாவுக்கு முன்னால சொல்லிப்போட்டன், வீடே அமைதி.

ஆனா அம்மம்மா "என்ன பிள்ளை இது" எண்டு மெல்லமாக் கேட்டா நான் இண்டைக்கும் சின்னப்பிள்ளையா ஆகிடுவன். அப்ப எனக்கு எது முதல் மொழி? செவிப்பறை அக்கா சொல்லுங்கோ.

செவிப்பறை

மொழியை முழுசாக ஒரே மூட்டையாக எடுத்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதட்டல் உங்களுக்குத் தமிழில் ஒட்டியது, தூஷணம் ஆங்கிலத்தில் ஒட்டியது. இதைத்தான் நானும் சொல்லவந்தேன்.

மாமா வீட்டு அமைதிக்கும் ஒரு கணக்கு உண்டு. டெவாலெ 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலத் திட்டுச் சொற்களும் ஏளனச் சொற்களுமாக முப்பதை எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்களிடமும் பின்னால் கற்றவர்களிடமும் எது எவ்வளவு புண்படுத்தும் என்று கேட்டார். பின்னால் கற்றவர்கள் எல்லாவற்றையும் குறைத்து மதிப்பிட்டிருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. பெரும்பாலான சாதாரணச் சொற்களை அவர்கள் உள்ளதைவிட மோசமாக நினைத்தார்கள். பட்டியலிலேயே மிக மோசமான ஒன்றைத்தான் உள்ளதைவிட லேசாக நினைத்தார்கள். முட்டாள் என்பதற்குப் பயப்படுவார்கள், உண்மையிலேயே வெடிக்கக்கூடியதைக் கையில் வைத்து விளையாடுவார்கள். புதிதாக வெளிநாடு போனவர்கள் வாயில் வருவதைக் கவனித்தால் இது தெரியும்: சொன்னவர் முகத்தில் ஒன்றும் இருக்காது, சுற்றி இருப்பவர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

மட்டுறுத்துநர்

எந்த மொழியானாலும் வார்த்தைகளை முழுசாக எழுத வேண்டாம். மேலே ஒருவர் எழுதியது நீக்கப்பட்டது. நட்சத்திரக் குறி போட்டாலும் எங்களுக்குப் புரியும்.

சந்தேகசாமி

ஒரு வழியாக முழு இழையும் படித்தேன். செவிப்பறை நன்றாக எழுதுகிறார், ஆனால் விரல் வியர்வையை இவ்வளவு நம்புவானேன்? 32 பேர். அதுவும் வியர்வை எதற்கு வருகிறது என்று கருவிக்குத் தெரியாது. வெட்கத்துக்கும் வரும், சிரிப்பை அடக்கினாலும் வரும், "இந்த மேடம் இதை எப்படிச் சத்தமாகச் சொல்கிறார்" என்ற ஆச்சரியத்துக்கும் வரும்.

இன்னொன்று. போலந்தில் 2013இல் வெளியான ஆய்வில், போலிஷ், ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களிடம் வசவு நிறைந்த வாசகங்களை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பொதுக் கெட்ட வார்த்தைகளில் எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை. மற்ற இனத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தைகளைத்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இன்னும் கடுமையாக்கினார்கள். உணர்ச்சி மங்குவதுதான் காரணம் என்றால் எல்லாக் கெட்ட வார்த்தையிலும் தெரிந்திருக்க வேண்டுமே. அந்த ஆய்வாளர்கள் சொன்னது, இரண்டாம் மொழியில் நம் ஊர்க் கட்டுப்பாடு நம்மேல் இல்லை என்பது. அப்படிப் பார்த்தால் நெக்கார்க்கரைக்கு ஜெர்மனில் வார்த்தை வருவதற்குக் காரணம் அது உறைக்காதது அல்ல. மதுரையில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான்.

நெக்கார்க்கரை

சாமி, அடைத்த காரில் தமிழிலும்தான் யாரும் கேட்கமாட்டார்கள்.

சந்தேகசாமி

நீங்கள் கேட்பீர்களே. கட்டுப்பாடு வெளியே மட்டும் இருப்பதில்லை.

செவிப்பறை

வியர்வை பற்றிய உங்கள் குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கருவி உலுக்கல் எவ்வளவு என்று சொல்லும், எந்தப் பக்கத்து உலுக்கல் என்று சொல்லாது. கை சில்லிட்டிருந்தால் பதிவு சரியாக வராது. அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூன்றாம் தடவை சப்பென்று ஆகிவிடும், அதனால்தான் நடுநடுவே மேசை, நாற்காலி மாதிரி வார்த்தைகளைக் கலந்து கொடுப்பார்கள்.

ஆனால் கட்டுப்பாடு என்ற விளக்கம் சொல்கிறவருக்குப் பொருந்துகிற அளவுக்குக் கேட்கிறவருக்குப் பொருந்தவில்லை. துருக்கியர்கள் எதையும் சொல்லவில்லை, கேட்டார்கள், படித்தார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதட்டினால் வியர்க்காமல் இருப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. போலந்து ஆய்வு வாயைப் பார்க்கிறது, பாஸ்டன் ஆய்வு காதையும் கண்ணையும் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம். கட்டு தளர்கிற பக்கத்துக்கு ஹாங்காங்கில் 1986இலேயே ஓர் ஆய்வு உண்டு: சீன மாணவிகளைச் சங்கடமான விஷயங்களைப் பற்றிப் பேசச் சொன்னபோது, சொந்த மொழியைவிட ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார்கள்.

லாஜிக்_லோகு

அப்போ காதல்? ஐ லவ் யூ என்று ஆயிரம் தடவை டைப் பண்ணுகிறோம். தமிழில் சொல் என்றால் நாடக வசனம் மாதிரி இருக்கிறது. தாய்மொழி கனம் என்றால் தமிழில்தானே உருக வேண்டும்?

நைட்ஷிப்ட்_நந்தினி

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் தமிழில் அப்படிச் சொன்னதே கிடையாது. "சாப்ட்டியா" என்றுதான் கேட்பார்கள். கேட்டே பழகாத வாக்கியத்தில் என்ன ஒட்டும்?

செவிப்பறை

நந்தினி சொல்லிவிட்டார். டெவாலெ இந்த வாக்கியத்தைப் பற்றியும் தனியாகக் கேட்டிருக்கிறார். முதல் மொழியில் கனம் என்றவர்கள்தான் அதிகம், இரண்டும் சமம் என்றவர்களும் உண்டு, இரண்டாம் மொழியில்தான் கனம் என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். எந்த மொழியில் ஆட்களோடு நெருங்கிப் பழகினோம் என்பது அதில் தெரிந்தது.

அறம்பேசு

நான் முதலில் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு பேசினேன், போகட்டும். ஒரு வாத்தியாராக ஒன்று சொல்கிறேன். வகுப்பில் நான் எழுத்துத் தமிழில்தான் பேசுவேன். "நீ செய்தது உனக்கே அழகாக இருக்கிறதா?" என்றால் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் சிரிப்பார்கள். ஒரு நாள் பொறுமை போய், எங்கள் ஊர்ப் பேச்சில் "என்னலே செஞ்சு வச்சிருக்க" என்றேன். வகுப்பு அடங்கிவிட்டது. இரண்டும் தமிழ்தான். இதில் எது இரண்டாம் மொழி?

சந்தேகசாமி

ஐயா கேட்டது நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்தில் கற்கிற எழுத்துத் தமிழ் நமக்கே ஒரு வகுப்பறை மொழி. அதில் திட்டினால் பட்டிமன்றம் மாதிரி இருக்கிறது. ஆனால் வாத்தியார் கோபத்தில் இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குக் குரலிலேயே தெரிந்திருக்கும். அடங்கியது பேச்சுத் தமிழுக்கா, குரலுக்கா?

செவிப்பறை

பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஒரே ஆளை ஒரே தொனியில் இரண்டு தமிழிலும் அதட்டச் சொல்லிப் பதிவு செய்து, சத்த அளவைச் சமப்படுத்தி, விரலில் கருவியை மாட்டிக் கேட்கவைக்கலாம். எழுத்திலும் தனியாகக் கொடுத்துப் பார்க்கலாம், எழுத்தில் குரல் கிடையாது. இரண்டிலும் பேச்சுத் தமிழே ஜெயித்தால் சாமி விட்டுக்கொடுக்க வேண்டும்.

சந்தேகசாமி

எழுத்தில் பேச்சுத் தமிழைப் படிக்கும்போதே மனசுக்குள் ஒரு குரல் வந்துவிடுமே, துருக்கியர்களுக்கு வந்த மாதிரி. அதை எப்படிச் சமப்படுத்துவீர்கள்?

ஸ்கார்பரோ_குஞ்சு

எனக்கு எழுத்துத் தமிழ் வாசிக்கவே நேரம் எடுக்கும், என்னைச் சேர்க்காதேங்கோ 😅 ஆனா அம்மம்மாவைப் பதிவு செய்யச் சொன்னா அவ கட்டாயம் வருவா.

நெக்கார்க்கரை

அப்படியானால் என் அம்மா எழுத்துத் தமிழ் பகுதிக்கு வேண்டாம். அவர் எழுத்துத் தமிழில் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அறம்பேசு ஐயா, உங்கள் வகுப்பில் வெளியூர்ப் பிள்ளைகள் இருந்தார்களா? "என்னலே" கேட்டு வளராத கோயம்புத்தூர்ப் பையனும் அன்று அடங்கினானா?

அறம்பேசு

ஒருவன் இருந்தான், அவிநாசிப் பக்கம். அவன் மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மற்றவர்கள் தலையைக் குனிந்த பிறகு குனிந்தான்.